எழுத்து அரபு, மொழி எது? பழைய கிதாபுப் பக்கத்தின் படம் கைக்கு வந்தால்

கிண்ணியாவிலும் மூதூரிலும் பழைய வீடுகளைத் திருத்தும்போது அலுமாரியின் மேல்தட்டிலிருந்து துணியில் சுற்றிய கிதாபுகள் இன்னமும் வெளிவருகின்றன. அட்டை போயிருக்கும், முதல் பக்கம் கிழிந்திருக்கும், வீட்டில் யாருக்கும் அது என்ன நூலென்று தெரியாது. ஒரு பக்கத்தைப் போனில் படம் பிடித்து மொழிபெயர்ப்புச் செயலியில் போடுகிறார்கள். அது "அரபு" என்று காட்டிவிட்டு, தொடர்பில்லாத நாலைந்து சொற்களைத் தருகிறது. அரபு தெரிந்த மௌலவியிடம் காட்டினால், சில சொற்கள் விளங்குகின்றன, வசனம் விளங்கவில்லை என்கிறார். அதோடு படம் போனுக்குள்ளேயே கிடந்துவிடுகிறது. அப்படிக் கைவிடப்படும் பக்கங்களில் பல தமிழில் எழுதப்பட்டவை. எழுத்து மட்டும்தான் அரபு.

பிழை தொடங்கும் இடம் ஒன்றுதான். "இது என்ன எழுத்து?" என்பதும் "இது என்ன மொழி?" என்பதும் இரண்டு கேள்விகள். முதலாவதற்குக் கிடைத்த விடையை இரண்டாவதற்கும் விடையாக எடுத்துவிடுகிறோம். திருகோணமலைக்கு இது புதிதல்ல. பிரட்ரிக் கோட்டையில் கிடைத்த சோடகங்கதேவனின் கல்வெட்டில் உள்ள எழுத்துகள் தமிழ் வாசகருக்குப் பாதி பழக்கமாகத் தெரியும். ஆனால் எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தாலும் தமிழ் வராது. அது கிரந்த எழுத்தில் எழுதிய சமஸ்கிருதம். அதில் குறிக்கப்படும் ஆண்டு சகம் 1145, அதாவது கி.பி. 1223. காலியில் 1911இல் கிடைத்த மும்மொழிக் கல்லும் இதே பாடத்தைச் சொல்கிறது. 1409ஆம் ஆண்டின் அந்தக் கல்லில் சீனத்துக்கும் தமிழுக்கும் அருகே அரபு எழுத்தில் இருக்கும் பகுதி பாரசீகம்.

அரபு எழுத்தைப் பொறுத்தவரை இந்தக் குழப்பம் நம் மாவட்டத்தில் மிக அதிகம். ஒரே எழுத்தில் இங்கே ஐந்து மொழிகள் எதிர்ப்படலாம். அரபு, அரபுத் தமிழ், உருது, பாரசீகம், மலாய். மலாயைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இலங்கை மலாயர்கள் தங்கள் மொழியை நீண்ட காலம் அரபு எழுத்திலேயே எழுதினார்கள். 1869இல் கொழும்பில் வெளிவந்த 'ஆலாமத் லங்காபுரி' என்ற மலாய்ப் பத்திரிகையும் அந்த எழுத்தில்தான் அச்சானது. ஆகவே பழைய பெட்டியிலிருந்து வரும் ஒரு பக்கம் இந்த ஐந்தில் எது என்பதை முதலில் தீர்க்க வேண்டும். மொழிபெயர்ப்பாளரைத் தேடுவது அதற்குப் பிறகுதான்.

இந்த ஐந்தையும் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் புள்ளிகள். ஆதலால் படம் புள்ளிகளைக் காட்டும்படி இருக்க வேண்டும். முழுப் பக்கத்தையும் ஒரே படமாக எடுத்தால் பக்க அமைப்புத் தெரியும், புள்ளி தெரியாது. ஒரு முழுப் பக்கப் படத்தோடு, நான்கைந்து வரி மட்டும் சட்டத்தை நிறைக்கும் இரண்டு மூன்று படங்களும் வேண்டும். போனைத் தாளுக்கு நேர் மேலே பிடித்து, ஃபிளாஷைப் போடாமல், பகல் நேரத்தில் யன்னல் பக்கமிருந்து வரும் வெளிச்சத்தில் எடுப்பது நல்லது. ஃபிளாஷ் பட்டால் பழைய மை பளபளத்து, சிறு குறிகள் வெள்ளையாகிப் போகும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, அடுத்தடுத்த இரண்டு புள்ளிகள் ஒரு சிறு கோடாக ஒட்டிவிடும். டொக்கியுமென்டாக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும்.

புள்ளி போலத் தெரிவதெல்லாம் புள்ளியும் அல்ல. பூச்சி அரித்த துளை படத்தில் கறுப்புப் புள்ளியாகவே விழும். அதைக் கண்டுபிடிக்க எளிய வழி, அதே தாளின் மறுபக்கத்தையும் எடுத்துப் பார்ப்பது. துளையென்றால் மறுபக்கத்தில் இட வலம் மாறி அதே இடத்தில் இருக்கும், பெரும்பாலும் அடுத்த தாளிலும் தொடரும். மைத்துளியென்றால் விளிம்பு கலைந்திருக்கும். எழுதியவர் இட்ட புள்ளி நாணல் பேனாவின் முனை அகலத்துக்குச் சிறு சாய்சதுரமாக, பக்கம் முழுக்க ஒரே அளவில் இருக்கும். சந்தேகமான புள்ளி ஒன்று மட்டும் இருந்தால் அதை விட்டுவிட்டு, அதே எழுத்து அதே புள்ளியோடு வேறு இரண்டு இடங்களில் வருகிறதா என்று தேட வேண்டும்.

படம் திரும்பியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். போனின் முன்பக்கக் கமெராவால் எடுத்த படங்கள் சில கண்ணாடிப் பிம்பமாகச் சேமிக்கப்படும். அரபு எழுத்தில் வரிகள் வலப்பக்கம் ஒழுங்காகத் தொடங்கும். பத்தியின் கடைசி வரி பாதியில் நின்றால் வெற்றிடம் இடப்பக்கம் விழும். படத்தில் அந்த வெற்றிடம் வலப்பக்கம் இருந்தால், அதைப் புரட்டிப் பார்த்த பிறகுதான் மேலே போகலாம்.

எழுத்து அரபுதான் என்று உறுதி செய்வது எளிது. வலமிருந்து இடம் போகும், ஒரு சொல்லுக்குள் எழுத்துகள் கோத்துக்கொண்டு நிற்கும். அலிஃப், தால், ரே, வாவ் போன்ற சில மட்டும் தமக்குப் பின்வரும் எழுத்தைத் தொடாது. மாலைதீவின் தானா எழுத்தும் வலமிருந்து இடம்தான் போகிறது, அதன் குறிகளும் மேலும் கீழுமாக நிற்கின்றன, ஆனால் அதில் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. கணினியில் படத்திலுள்ள எழுத்தை அறியும் டெசராக்ட் என்ற மென்பொருளை நிறுவியிருந்தால் எழுத்தை மட்டும் கேட்டுப் பார்க்கலாம்.

```
tesseract pakkam.jpg - --psm 0
```

`Script: Arabic` என்றும், அதற்குக் கீழே `Script confidence` என்று ஒரு எண்ணும் வரும். பக்கம் எந்தப் பக்கமாகச் சுழன்றிருக்கிறது என்பதும் வரும். படத்தில் எழுத்துகள் போதாவிட்டால் `Too few characters` என்று நின்றுவிடும். இதற்குத்தான் முழுப் பக்கப் படம் தேவை. ஆனால் இது சொல்வது எழுத்தின் பெயரை மட்டுமே. மொழியைப் பற்றி இது ஒன்றும் சொல்லவில்லை. மொழிபெயர்ப்புச் செயலியின் நிலை இன்னும் சிக்கலானது. அது தன் பட்டியலில் உள்ள மொழிகளில் ஒன்றையே தெரிவுசெய்தாக வேண்டும். அரபு எழுத்தில் எழுதிய தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை என்றால், மிக அருகில் தெரியும் அரபைத்தான் அது எடுக்கும். அதன் விடை பிழையென்பதைவிட, சரியான விடையைச் சொல்ல அதற்கு இடமே இல்லை என்பதே பொருத்தம்.

இனி மொழி. முதலில் பார்க்க வேண்டியது உயிர்க்குறிகள், அதாவது எழுத்துக்கு மேலும் கீழும் வரும் சிறு கோடுகளும் சுழிகளும். அரபுப் புத்தகம், உருதுப் புத்தகம், பாரசீகக் கடிதம் ஆகியவற்றில் பொதுவாக இவை இல்லை, இருந்தாலும் அங்கொன்று இங்கொன்று. இலங்கை மலாயரின் அரபு எழுத்துக்குப் பெயரே 'குண்டுல்'. குறிகள் இல்லாத மொட்டை எழுத்து என்பது அதன் பொருள். அரபுத் தமிழோ உயிர்க்குறி முழுவதும் இட்டே எழுதப்படும். தமிழில் உயிர் மாறினால் சொல்லே மாறிவிடும் என்பதால் அதை ஊகத்துக்கு விட முடியாது. எனவே எல்லா எழுத்துக்கும் குறி இட்ட பக்கம் என்றால் இரண்டு வாய்ப்புகள்தான் பெரிதாக நிற்கின்றன. ஒன்று குர்ஆன், துஆ, ஓதல் பிள்ளைகளின் பாடநூல் போன்ற அரபு. மற்றது அரபுத் தமிழ். ஐந்தாக இருந்தது இந்த ஒரு பார்வையில் இரண்டாகிவிடும்.

அடுத்து, அரபியில் இல்லாத ஒலிகளை அந்தப் பக்கம் எப்படி எழுதுகிறது என்று பார்க்க வேண்டும். இதுதான் மிக நம்பகமான தடயம். அரபியில் 'ப' இல்லை. பாரசீகமும் உருதும் பே எழுத்தின் கீழே மூன்று புள்ளி இட்டு அதை எழுதின. மலாயர்கள் ஃபே எழுத்தின் மேலே மூன்று புள்ளி இட்டார்கள். அரபுத் தமிழில் ஃபேயின் மேற்புள்ளி அப்படியே இருக்க, கீழேயும் ஒரு புள்ளி சேர்ந்தது. ஒரே ஒலிக்கு மூன்று தீர்வுகள். பக்கத்தில் ஒரு 'ப' கிடைத்தாலே போதும் என்று சொல்லும் அளவுக்கு இது பயன்படும். 'ட'வும் அப்படியே. உருதுவில் அதற்கு எழுத்தின் தலையில் ஒரு குட்டி 'தோ' உட்கார்ந்திருக்கும். அரபுத் தமிழில் தால் எழுத்தின் கீழே ஒரு புள்ளி வரும். 'ண'வுக்கு நூனின் கீழே ஒரு புள்ளி கூடும். தால், நூன் ஆகிய இரண்டின் கீழும் புள்ளி இட அரபுக்கு எந்தத் தேவையும் இல்லை. அவை திரும்பத் திரும்ப வந்தால் அரபு என்ற வாய்ப்பு அங்கேயே முடிகிறது. எ, ஒ என்ற உயிர்களும் அரபியில் இல்லை என்பதால், அ, இ, உ ஒலிகளுக்கான ஃபத்ஹா, கஸ்ரா, ளம்மா என்ற மூன்றிலும் சேராத குறிகளும் அரபுத் தமிழில் தென்படும்.

இதில் ஒரு எச்சரிக்கை. மொரோக்கோ பக்கத்து அரபுக் கையெழுத்தில் ஃபேயின் புள்ளி கீழே இறங்கியிருக்கும். ஆனால் அங்கே மேலே புள்ளி இராது. மேலும் கீழும் சேர்ந்திருப்பதுதான் நம் 'ப'. கையெழுத்துப் பிரதிகளில் எழுத்தருக்கு எழுத்தர் வழக்கமும் மாறும். சிலர் கூடுதல் புள்ளியை விட்டுவிட்டு, படிப்பவர் அறிந்துகொள்வார் என்று எழுதியிருப்பார்கள். அத்தகைய பக்கத்தில் புள்ளி இல்லாததை வைத்துத் தமிழ் இல்லை என்று தீர்ப்புச் சொல்லக்கூடாது.

ஒரு பக்கத்தை வைத்துச் செய்து பார்ப்போம். கல்லச்சில் அடித்த, தொழுகை பற்றிய கிதாபின் நடுப்பக்கம் என்று வைத்துக்கொள்வோம். பதின்மூன்று வரி. சுற்றிலும் இரட்டைக் கட்டம். மேலே பெரிய எழுத்தில் ஒரு தலைப்பு. உள்ளே சில சொற்களின் மேல் நீளக் கோடு இழுத்திருக்கிறது. ஓரத்தில் சாய்வாகச் சில வரிகள்.

தலைப்பை முதலில் எடுத்தால் ஏமாந்துபோவோம். தலைப்பு 'பாபு' என்று தொடங்கி, அலிஃபும் லாமும் முன்னொட்டாக வந்த ஒரு சொல்லோடு முடிகிறது. அது சுத்த அரபு. முதல் பக்கமாக இருந்திருந்தால் பிஸ்மியும் ஹம்து ஸலவாத்தும் வந்திருக்கும், அவையும் அரபுதான். எந்த மொழிக் கிதாபிலும் தலைப்பும் தொடக்கமும் அரபியில் இருக்கலாம். ஆகவே நடுவில், குறைந்தது ஐந்து வரி தள்ளி, தொடர்ச்சியான உரைப்பகுதியை எடுக்க வேண்டும்.

ஏழாவது வரியில் முதலில் அலிஃப் லாமைத் தேடுகிறோம். அரபு உரைநடையில் 'அல்' என்ற முன்னொட்டு வராத வரி அரிது. சொல்லின் தொடக்கத்தில் இரண்டு நெட்டைக் கோடுகள் அடுத்தடுத்து நிற்பதால், அரபு தெரியாதவருக்கும் கண்ணில் படும். ஏழு, எட்டு, ஒன்பதாம் வரிகளில் அது ஒரே ஒரு தடவைதான் இருக்கிறது, அதுவும் மேலே கோடு இழுத்த சொல்லில். சொல்லின் ஈற்றில் இரட்டைக் கோடாக வரும் தன்வீனைத் தேடுகிறோம், இல்லை. ஈற்றில் வட்டமாக, மேலே இரண்டு புள்ளியோடு நிற்கும் எழுத்தும் இல்லை. இவை மூன்றும் அரபியில் அடிக்கடி வருபவை. மூன்றும் சேர்ந்து இல்லாமற்போவது பலமான சான்று.

இனி சொற்களின் ஈறுகள். அந்த மூன்று வரியில் 'உம்' என்று, ளம்மாவும் அதற்குப் பின் உயிர் இல்லை என்று காட்டும் சுகூன் இட்ட மீமுமாக முடியும் சொற்கள் ஆறு. தமிழ் என்று துள்ளிக் குதிக்க இது போதாது. அரபியிலும் 'கும்', 'ஹும்', 'தும்' என்று முடியும் சொற்கள் ஏராளம், அவை 'உங்களுடைய', 'அவர்களுடைய', 'நீங்கள்' என்ற பொருள் தருபவை. 'ஆகும்' என்ற தமிழ்ச் சொல்லும் அரபுச் சொல்லின் 'கும்' என்ற ஈறும் படத்தில் ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே 'உம்'முக்கு முன்னால் என்ன எழுத்து நிற்கிறது என்று பார்க்கிறோம். ஆறில் இரண்டில் காஃப். மற்ற நான்கில் லாம், தால், நூன் என்று வெவ்வேறு எழுத்துகள். காஃப், ஹே, தே தவிர்ந்த எழுத்துகளுக்குப் பின்னும் 'உம்' திரும்பத் திரும்ப வருகிறது என்றால் அது தமிழின் ஈறு. கூடவே, இரட்டிப்பைக் காட்டும் ஷத்து இட்ட காஃபும் ளம்மாவும் சேர்ந்து 'க்கு' என்று முடியும் சொற்கள் மூன்று கிடைக்கின்றன. நான்காம் வேற்றுமை.

எட்டாம் வரியில் ஒரு சொல் எல்லாவற்றையும் தீர்த்துவைக்கிறது. ஃபே, ரே, ளாது. இது 'ஃபர்ளு', அரபுச் சொல், அரபியில் எழுதும் அதே எழுத்துகள். ஆனால் சொல் அதோடு முடியவில்லை. ஒரு காஃபும், அரபு நெடுங்கணக்கில் இல்லாத, கூடுதல் புள்ளி இட்ட ஓர் எழுத்தும் ஒட்டிக்கொண்டு 'ஃபர்ளுகள்' என்று நிற்கிறது. அரபியில் இதன் பன்மை 'ஃபுரூள்'. அரபு எழுதுபவர் 'கள்' சேர்க்க மாட்டார். மௌலவிக்குச் சில சொற்கள் விளங்கி வசனம் விளங்காமற்போனதன் காரணமும் இங்கே இருக்கிறது. ஃபர்ளு, வுளூ, நிய்யத்து என்ற பெயர்ச்சொற்கள் அரபிலிருந்து அப்படியே வந்திருக்கின்றன. உருதுக் கிதாபிலும் மலாய்க் கிதாபிலும் அவையேதான் இருக்கும். எனவே பெயர்ச்சொல்லை வைத்து மொழியைத் தீர்மானிக்கவே கூடாது. பெயர்ச்சொல் எந்த மொழிக்கும் இரவலாகப் போகும், விகுதியும் வேற்றுமை உருபும் அவ்வளவு எளிதில் போகாது.

மேலே கோடு இழுத்த சொற்களும் இப்போது விளங்குகின்றன. அவை மேற்கோளாக வந்த அரபுத் துண்டுகள். தமிழ் விளக்கம் அவற்றுக்கு அடுத்து வருகிறது. ஓரத்துச் சாய்வு வரிகளைத் தனியாகச் சோதிக்க வேண்டும். நடுப்பகுதி தமிழாகவும் ஓரம் அரபாகவும் இருக்கும் பக்கங்கள் உண்டு, மறுதலையாகவும் உண்டு. ஒரே விடையை முழுப் பக்கத்துக்கும் போட்டுவிட்டால் ஓரக்குறிப்பு வீணாகும்.

கடைசிச் சோதனைக்கு ஒரு மனிதர் வேண்டும். குர்ஆன் ஓதத் தெரிந்த, வீட்டில் தமிழ் பேசும் எவரும் போதும். அரபு விளங்க வேண்டிய அவசியம் இல்லை, அரபுத் தமிழை முன்பு பார்த்திருக்கவும் வேண்டாம். கூடுதல் புள்ளி எழுத்துகள் ஐந்தாறை மட்டும் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்து, "பொருளைப் பாராமல் எழுத்தைக் கூட்டி உரக்க ஓதுங்கோ, உம்மா" என்று கேட்டால், மூன்றாவது வரியில் ஓதுபவரின் காதே கண்டுபிடித்துவிடும். தனிச்சொல்லில் இது வேலை செய்யாது. அக்கால எழுத்தில் ந, ன வேறுபாடு போன்றவை எப்போதும் சரியாகப் பேணப்படுவதில்லை, சொற்களும் இன்று வழக்கிழந்தவையாக இருக்கலாம். இரண்டு மூன்று வசனம் தொடர்ந்து ஓத வேண்டும். ஓதியும் தமிழ் கேட்கவில்லையென்றால், குறியிட்ட அரபா என்று மீண்டும் பார்க்க வேண்டும்.

குறிகளே இல்லாத பக்கம் வந்திருந்தால் பாதை வேறு. எழுத்துகள் ஒவ்வொரு சொல்லிலும் வலமேலிருந்து இடக்கீழாகச் சரிந்து, ஈற்றில் யே எழுத்து வலப்பக்கமாக நீளமாய்ப் படுத்திருந்தால் உருதுவை முதலில் சந்தேகிக்கலாம். ஐன் எழுத்தின் மேல் மூன்று புள்ளி நின்றால் அது மலாயின் 'ங'. இலக்கங்களும் உதவும். அரபின் 4, 5, 6 ஆகியவற்றின் வடிவமும் பாரசீக, உருது வடிவமும் வேறு வேறு. கல்லச்சு நூலின் ஈற்றில் ஹிஜ்ரி ஆண்டும் கிடைக்கலாம். வரிகள் வலமிருந்து போனாலும் எண்ணை இடமிருந்து வலமாகவே படிக்க வேண்டும். 1323 என்று இருந்தால் அது கி.பி. 1905இல் தொடங்கும் ஆண்டு.

தீர்ந்த பின், மொழிபெயர்ப்பாளருக்குப் படத்தை மட்டும் அனுப்பாமல், கண்டதை நான்கு வரியில் எழுதிச் சேர்த்து அனுப்ப வேண்டும். உரைப்பகுதி அரபு எழுத்தில் தமிழ், தலைப்பும் மேற்கோடிட்ட பகுதிகளும் அரபு, ஓரக்குறிப்பு இன்னும் தீரவில்லை, சான்று: எட்டாம் வரியின் 'ஃபர்ளுகள்', 'க்கு' ஈறுகள் மூன்று. கோப்பின் பெயரிலும் இதைக் குறிக்க ஒரு வழி உண்டு. கணினி உலகில் மொழியையும் எழுத்தையும் தனித்தனியாகச் சொல்லும் குறியீடு இருக்கிறது. முதற்பாதி மொழி, பிற்பாதி எழுத்து. அரபு எழுத்தில் மலாய் `ms-Arab`, கோட்டைக் கல்வெட்டின் கிரந்த சமஸ்கிருதம் `sa-Gran`. கிண்ணியா அலுமாரியிலிருந்து வந்த இந்தப் பக்கத்துக்கு எழுத வேண்டியது `ta-Arab`.